சித்தியின் போனில் வட்டம் வரவில்லை: படிவம் எழுதும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்ணப்பப் படிவங்களை எழுதும் நிரலாளர்களுக்கும், அந்த வேலையைக் கொடுத்து வாங்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். பதினாறு வருடமாக இணையப் படிவங்கள் எழுதிச் சம்பாதிக்கிறேன். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊர். சித்தி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். தங்கச்சிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும், கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி போனை நீட்டினார். “ஐயா, எல்லாம் போட்டுட்டேன். மாவட்டம் போட்டா வட்டம் வரமாட்டேங்குது. முந்தாநாள்ல இருந்து பாக்கேன்.” போனில் டேட்டா மிச்சம் பிடிக்கும் ஒரு பிரவுசர், அதுவும் முழுச் சிக்கன முறையில். தங்கச்சிதான் அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் ரீசார்ஜில் தினசரி டேட்டா தீர்ந்துவிட்டால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது வினாடிக்கு 8 கிலோபைட். படிவத்தின் முதல் பக்கம் மட்டும் 2 எம்பிக்கு மேல் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பக்கம் திறக்கவே நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். சித்தி அந்த முறையை ஆசைக்காக வைத்திருக்கவில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அவருக்குத் திறக்கவே திறக்காது.

நான் உட்கார்ந்து பார்த்தேன். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் பக்கம் ஒருமுறை துடித்து மறுபடி வந்தது. வட்டத்துக்கான பட்டியல் காலி. என் போனில் அதே பக்கம் ஒழுங்காக வேலை செய்தது. அன்றைக்கு என் போனிலேயே விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். நான் போயிருக்காவிட்டால், பஸ் பிடித்து டவுனுக்குப் போய், கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நின்று, அரை நாள் கூலியை இழந்திருப்பார். அப்புறம் இரவு உட்கார்ந்து அந்தப் படிவத்தின் நிரலைப் பார்த்தேன். அதை எழுதியவர் மோசமான நிரலாளர் இல்லை. நான் எழுதுவது போலத்தான் எழுதியிருக்கிறார். அதுதான் எனக்கு உறைத்தது.

இந்தச் சிக்கன முறைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நம்மில் பலர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறோம். “படங்களைக் கொஞ்சம் சுருக்கி அனுப்பும், அவ்வளவுதானே” என்று நினைக்கிறோம். சில பிரவுசர்களில் அவ்வளவுதான். ஆனால் ஓபரா மினியின் எக்ஸ்ட்ரீம் முறை போன்றவை அடிப்படையிலேயே வேறு. அங்கே உங்கள் பக்கம் போனுக்கு வருவதே இல்லை. நடுவில் இருக்கும் அந்த நிறுவனத்தின் சர்வர்தான் உங்கள் பக்கத்தைத் திறக்கிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் அங்கேயே இயக்கி, சில வினாடிகள் பொறுத்து, அந்த நொடியில் பக்கம் எப்படி இருக்கிறதோ அதைத் தன் சொந்த வடிவத்தில் சுருக்கிப் போனுக்கு அனுப்புகிறது. போனில் சித்தி பார்ப்பது ஓடிக்கொண்டிருக்கும் பக்கம் அல்ல, எடுத்து அனுப்பிய போட்டோ மாதிரி ஒன்று. இணைப்புகளும் எழுதும் பெட்டிகளும் மட்டும் அதில் தொடும்படி இருக்கும். ஒரு பட்டனைத் தொட்டாலோ பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலோ செய்தி நடு சர்வருக்குப் போகும், அது உங்கள் நிரலை ஓட்டிப் பார்த்து, மறுபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பும். இரண்டு போட்டோக்களுக்கு நடுவே போனில் எதுவும் ஓடாது. டைமர் ஓடாது. எழுத்து எழுத்தாகத் தட்டுவதை உங்கள் நிரல் கேட்காது. டேட்டாவை 90 சதவீதம் வரை குறைப்பதாக அவர்கள் சொல்வது இந்த வழியில்தான். பக்கம் ஏன் உடைகிறது என்பதற்கும் விடை இதேதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வட்டத்துக்கு வருவோம். மாவட்டத்தை மாற்றியதும் `change` நிகழ்வு நடு சர்வருக்குப் போகிறது. அங்கே உங்கள் ஸ்கிரிப்ட் ஓடி, வட்டங்களின் பட்டியலைக் கேட்டு உங்கள் சர்வருக்கு ஒரு அஜாக்ஸ் கோரிக்கை அனுப்புகிறது. நடு சர்வர் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். அதற்குள் உங்கள் பதில் வந்தால் வட்டங்கள் நிரம்பிய போட்டோ போனுக்குப் போகும், வராவிட்டால் காலிப் பட்டியலோடு போகும். பதில் பிறகு வந்து சேர்ந்தாலும் பயனில்லை, போட்டோ ஏற்கனவே போய்விட்டது.

இதனால்தான் நம் சோதனைகளில் இந்தக் கோளாறு சிக்குவதில்லை. படிவம் திறந்த முதல் வாரத்தில் சர்வர் சும்மா இருக்கும், பதில் அரை வினாடிக்குள் வந்துவிடும், சிக்கன முறையில் சோதித்துப் பார்த்தவருக்கும் எல்லாம் சரியாகத் தெரியும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஆயிரக்கணக்கான பேர் மோதும்போது பதிலுக்கு ஐந்தாறு வினாடி ஆகும். சாதாரண பிரவுசரில் இருப்பவர் அந்த ஐந்து வினாடி காத்திருந்தால் வட்டம் வந்துவிடும். சித்திக்கு எத்தனை நேரம் காத்திருந்தாலும் வராது. புகார் சொன்னால், “எங்களுக்கு வேலை செய்கிறதே” என்று பதில் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை.

கல்லூரிப் பெயருக்கு இன்னொரு பெட்டி இருந்தது. நாலு எழுத்து தட்டினால் கீழே பெயர்கள் விரியும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். விசையழுத்தம் நடு சர்வருக்குப் போகாது என்பதால் பெயர்கள் விரியவே இல்லை. சித்தி முழுப் பெயரையும் பிழையில்லாமல் தட்டி வைத்திருந்தார். ஆனால் படிவம் எதிர்பார்த்தது, தேர்வு செய்தால் மட்டும் நிரம்பும் ஒரு மறைவான எண்ணை. ‘சரியான கல்லூரியைத் தேர்வு செய்யவும்’ என்று சிவப்பில் வந்தது. சரியான பெயரை எழுதியவரிடம் சரியானதை எழுது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

இதற்கு என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் தோன்றும் இரண்டு தீர்வுகளும் இங்கே வேலை செய்யாது. முதலாவது `noscript`. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கு வேறு வழி காட்டலாம் என்று நினைப்போம். ஆனால் நடு சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுகிறது, அதனால் `noscript` பகுதி தெரியாது. இரண்டாவது, ‘வட்டங்களைக் காட்டு’ என்று ஒரு சாதாரண பட்டனை வைத்துவிட்டு, ஸ்கிரிப்ட் இருந்தால் பக்கம் திறந்ததும் அதை மறைத்துவிடுவது. நான் பல வருடம் செய்தது இதைத்தான். நடு சர்வரில் அந்த மறைக்கும் வரியும் ஓடிவிடும். பட்டன் இல்லாத போட்டோதான் போனுக்குப் போகும். ஜாவாஸ்கிரிப்ட் சுத்தமாக இல்லாதவருக்கு வழி இருக்கும், முழுதாக இருப்பவருக்கும் வழி இருக்கும், அரைகுறையாக இருப்பவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் கதவு அடைபட்டுவிடும்.

எனவே பட்டனை மறைக்காதீர்கள். அது எப்போதும் இருக்கட்டும்.

```html
<form method="post" action="/apply">
  <label for="m">மாவட்டம்</label>
  <select id="m" name="district">…</select>
  <button name="step" value="taluk" formnovalidate>
    வட்டங்களைக் காட்டு
  </button>
  …
  <button name="step" value="submit">சமர்ப்பி</button>
</form>
```

`step=taluk` என்று வந்தால் சர்வர் எதையும் சரிபார்க்க வேண்டாம். வந்த மதிப்புகளை எல்லாம் அப்படியே பெட்டிகளில் நிரப்பி, வட்டப் பட்டியலையும் சேர்த்து, அதே பக்கத்தைத் திருப்பி அனுப்பினால் போதும். இது சாதாரணப் பக்க ஏற்றம் என்பதால், முழுப் பதிலும் வரும்வரை நடு சர்வர் காத்திருக்கும். உங்கள் சர்வர் ஆறு வினாடி எடுத்தாலும் ஆறாவது வினாடியில் வட்டம் வந்துவிடும். `formnovalidate` என்ற சொல் முக்கியம். அது இல்லாவிட்டால் சாதாரண பிரவுசர்களில், கீழே இன்னும் நிரப்பாத பெட்டிகளைக் காட்டி இந்தப் பட்டனையே தடுத்துவிடும். அஜாக்ஸ் வசதியை விட்டுவிடச் சொல்லவில்லை. இருக்கட்டும், அதற்கு முடிகிற இடத்தில் அது வேலை செய்யட்டும். பட்டனும் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். வட்டத்துக்கு அஜாக்ஸ் எதற்கு? தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், முன்னூற்றுச் சொச்சம் வட்டங்கள். எல்லா வட்டங்களையும் `optgroup` போட்டு மாவட்ட வாரியாக ஒரே பட்டியலில் எழுதினாலும், தமிழின் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும் என்று வைத்தாலும், மொத்தம் 30 கிலோபைட் அளவுதான் வரும். சர்வரில் சுருக்கி அனுப்பினால் அதில் ஒரு சிறு பங்குதான். அந்தப் படிவத்தின் தலைப்பில் இருந்த வரவேற்புப் படம் மட்டும் அதைப் போலப் பல மடங்கு இருந்தது. வருவாய்க் கிராமங்கள் 16 ஆயிரத்துக்கும் மேல் இருப்பதால் அவற்றை ஒரே பக்கத்தில் போட முடியாது, அங்கே மேலே சொன்ன பட்டன் வேண்டும். கல்லூரிப் பெயருக்கும் அப்படித்தான். ‘தேடு’ என்று ஒரு பட்டன், தொட்டால் பொருந்தும் பெயர்கள் அடுத்த பக்கத்தில்.

சரி, அடுத்தது ஓடிபி. வட்டத்தை எப்படியோ தாண்டிவிட்டால் கைபேசி எண் உறுதிப்படுத்தும் பக்கம். ‘மீண்டும் அனுப்பு’ பட்டன் மங்கலாக இருக்கும், பக்கத்தில் 60 என்ற எண் ஒவ்வொன்றாகக் குறைந்து பூஜ்யம் வந்ததும் பட்டன் தெளியும். நம் எல்லோருக்கும் பழக்கமான அமைப்பு. ஒருமுறை வட்டம் எப்படியோ வந்து சித்தி இந்தப் பக்கம் வரை போனார், ஆனால் அவர் போனில் அந்த எண் 60லேயே நின்றது. டைமர் ஓடாதே. எஸ்எம்எஸ் தாமதமாகி முதல் ஓடிபி காலாவதி ஆகிவிட்டால் அடுத்ததைக் கேட்க அவருக்கு வழியே இல்லை. பக்கத்தைப் புதுப்பித்தால் படிவம் முதலிலிருந்து தொடங்கும். “அறுபது ஆனா வரும்னு போட்டிருக்கு, பத்து நிமிஷம் ஆச்சுய்யா” என்றார். எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே தெரியாத ஒரு திரை முன்னால் அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

இந்த 60 வினாடிக் கட்டுப்பாட்டின் நோக்கம் நியாயமானது. ஒரே எண்ணுக்கு எஸ்எம்எஸ் மழை பொழியக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் காசு. ஆனால் அதைப் பிரவுசரில் மட்டும் வைத்தால் அது பாதுகாப்பே இல்லை, கெட்ட எண்ணம் உள்ளவன் பக்கத்தைத் தொடாமலே நேராகக் கோரிக்கை அனுப்பிவிடுவான். எப்படியும் சர்வரில் வைத்தாக வேண்டிய கட்டுப்பாடு அது. அங்கே வைத்துவிட்ட பிறகு பட்டனை மங்கலாக்க அவசியமில்லை. எப்போதும் தொடும்படி விடுங்கள். சீக்கிரம் தொட்டால் சர்வர், ‘இன்னும் 40 வினாடி கழித்துக் கேளுங்கள்’ என்று ஒரு வரியோடு அதே பக்கத்தைத் திருப்பி அனுப்பட்டும். ஓடுகிற எண் அழகுக்கு இருக்கலாம், பட்டனைத் திறக்கும் சாவியாக இருக்கக் கூடாது.

இங்கேயே இன்னொரு எச்சரிக்கை. அந்தச் சர்வர் கட்டுப்பாட்டை ஐபி முகவரியை வைத்துப் போடாதீர்கள். சிக்கன முறையில் வருகிற ஆயிரக்கணக்கான பேரும் நடு சர்வரின் சில முகவரிகளிலிருந்துதான் வருவார்கள். ‘ஒரு முகவரியிலிருந்து ஒரு நிமிடத்துக்கு ஐந்து முறை’ என்று விதி வைத்தால், ஆறாவதாக வரும் முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கு, ‘அதிக முயற்சிகள், பிறகு வரவும்’ என்று வரும். அவர் செய்தது முதல் முயற்சியாக இருக்கும். கைபேசி எண்ணை வைத்துக் கட்டுப்படுத்துங்கள். அந்த நடு சர்வர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் முகவரிகளைத் தடுத்து வைத்திருக்கும் தளங்களில் பக்கமே திறக்காது.

கேப்ட்சாவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வருத்தம் அதிகம். சிக்கன முறையில் படங்களின் தரத்தைக் குறைக்கலாம், முழுதாக நிறுத்தியும் வைக்கலாம். தரம் குறைத்த படத்தில் கோணல் எழுத்துகளும் குறுக்குக் கோடுகளும் ஒன்றாகக் குழம்பி, 8 எது, பி எது என்று யாருக்கும் தெரியாது. படங்களை நிறுத்தினால், படம் இருக்க வேண்டிய இடத்தில் அதன் மாற்றுச் சொல் தெரியும். அந்தப் படிவத்தில் மாற்றுச் சொல்லாக `captcha` என்று இருந்தது. கீழே ‘மேலே உள்ள எழுத்துகளை உள்ளிடவும்’ என்ற வரி. சித்தி மேலே உள்ள எழுத்துகளைப் பார்த்தார், c, a, p, t, c, h, a என்று ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தேடி உள்ளிட்டிருக்கிறார். எட்டு முறை. சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர்.

ஓடிபி வாங்கும் படிவத்தில் கேப்ட்சா எதற்கு என்று உங்கள் குழுவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஓடிபி அனுப்பும் முன்னால் தானியங்கிகளைத் தடுக்க என்பார்கள். கைபேசி எண்ணுக்கு ஒரு நாளைக்கு இத்தனை, மொத்தமாக நிமிடத்துக்கு இத்தனை என்று சர்வரில் வரம்பு வைத்தால் அந்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். விதிமுறைப்படி வைத்தே ஆக வேண்டும் என்றால், படமாக இல்லாமல் எழுத்தாகவே ஒரு எளிய கேள்வி வையுங்கள், ‘ஏழும் நான்கும் எத்தனை’ என்பது போல. அது வலுவான பூட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். வரம்புகளோடு சேர்ந்தால் உதவித்தொகைப் படிவத்துக்கு அது போதும்.

பக்க அமைப்பு உடைவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ட்ரீம் முறையில் வலை எழுத்துருக்கள் இறங்காது. ஐகான்களை எழுத்துருவாக வைத்திருந்தால் அவை வெறும் கட்டங்களாகத் தெரியும். ‘அடுத்து’ என்பதற்கு அம்பு ஐகான் மட்டும் வைத்த பட்டன் வெறும் கட்டமாகிவிடும், எனவே சொல்லாகவே எழுதுங்கள். திரையின் அடியில் ஒட்டி வைத்த பட்டன் ஒட்டாமல், பக்கத்தின் ஓட்டத்தில் எங்கோ போய் நிற்கும். இதில் தமிழுக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் கிடக்கும் பக்கங்களையும், பழைய ஆவணத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய அறிவிப்புகளையும் இன்றும் பார்க்கிறேன். பாமினி எழுத்துருவில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துரு இறங்காத போனில் `jkpo;` என்று தெரியும். படிவத்தின் நிபந்தனைகள் முழுதும் அப்படித் தெரிந்தால் படிப்பவர் எதற்கு ஒப்புதல் கொடுக்கிறார்?

இனி, இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வரும் இரண்டு மறுப்புகள். “அந்த லைட் மோடையே எடுத்துவிட்டார்களே” என்பது முதலாவது. குரோமின் லைட் மோட் 2022இல், 100ஆம் பதிப்போடு நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் நிறுத்தியது ஒரு பிரவுசரின் ஒரு வசதியை. நடு சர்வர் வைத்த பிரவுசர்கள் இருக்கின்றன, போனிலேயே டேட்டா சேவர் இருக்கிறது. அது மட்டுமில்லை. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013இல் தன் தளத்துக்கு வந்தவர்களை அளந்து பார்த்தது. 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வசதி போய்ச் சேரவில்லை. அதில் 0.2 சதவீதம் பேர் மட்டுமே அதை நிறுத்தி வைத்தவர்கள், அல்லது அது இல்லாத பிரவுசரில் வந்தவர்கள். மீதி 0.9 சதவீதம் பேரின் பிரவுசரில் அது ஓடியிருக்க வேண்டும், ஏதோ காரணத்தால் ஓடவில்லை. சிக்னல் அறுந்திருக்கலாம், கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். அவர்கள் எந்தச் சிக்கன முறையையும் தேர்ந்தெடுத்தவர்கள் என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன பட்டன் அவர்களுக்கும்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதற்கு நான் தலைவணங்குகிறேன். நடு சர்வர் பக்கத்தைத் திறந்து படிக்கிறது என்றால், உங்கள் தளத்துக்கும் போனுக்கும் இடையில் இருக்கும் குறியாக்கம் நடுவில் ஒருமுறை பிரிக்கப்படுகிறது என்று பொருள். போனிலிருந்து நடு சர்வர் வரை ஒரு பூட்டு, அங்கிருந்து உங்கள் தளம் வரை இன்னொரு பூட்டு. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் போகும் படிவத்தில் இது வேண்டாம் என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி சொன்னால் அவர் சொல்வது சரி. ஆனால் அப்படி முடிவெடுத்தால் அதை முதல் பக்கத்திலேயே, யூனிகோடு தமிழில், தெளிவாகச் சொல்லுங்கள்: ‘உங்கள் பிரவுசரில் டேட்டா சேமிப்பு முறை இயங்குகிறது. இந்தப் படிவத்துக்கு மட்டும் அதை நிறுத்துங்கள்.’ நிறுத்தும் வழியையும் கீழே எழுதுங்கள். அப்படிச் சொன்ன பிறகு, நிறுத்தியவருக்குப் பக்கம் திறக்க வேண்டுமே, எனவே படிவம் 2 எம்பி இருக்கக் கூடாது. வரவேற்புப் படமும் ஓடும் செய்திப் பட்டையும் இல்லாமல் 100 கிலோபைட்டுக்குள் அடக்கினால் 64 கேபிபிஎஸ்ஸில்கூடப் பதிமூன்று வினாடிக்குள் வந்துவிடும். இப்போது நடப்பது என்னவென்றால், யாரும் எதுவும் சொல்வதில்லை. பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் வட்டம் காலியாக வருகிறது. ரகசியமும் போனது, விண்ணப்பமும் போகவில்லை.

யார் சிக்கன முறையில் வருகிறார் என்று எப்படித் தெரியும்? ஓபரா மினி தன் பெயரை பயனர் முகவர் வரியில் சொல்லிவிடும், `Opera Mini` என்ற சொல்லைத் தேடினால் போதும். வேறு சில பிரவுசர்கள் கோரிக்கையின் தலைப்பில் `Save-Data: on` என்று அனுப்பும். இந்த வரியைப் பார்த்து இலகுவான பக்கம் அனுப்புவது நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படிச் செய்யும்போது பதிலின் தலைப்பில் இந்த ஒரு வரியைச் சேர்க்க மறக்காதீர்கள்:

```
Vary: Save-Data
```

இது இல்லாவிட்டால் இடையில் இருக்கும் கேஷ், ஒருவருக்கு அனுப்பிய இலகுவான பக்கத்தை எல்லோருக்கும் கொடுக்கும், அல்லது கனமான பக்கத்தைச் சித்திக்குக் கொடுக்கும். அப்புறம், இலகுவாக்குகிறேன் என்று கேப்ட்சா படத்தையும் சேர்த்து எடுத்துவிட்ட நிரலை நானே ஒரு இடத்தில் திருத்தியிருக்கிறேன். எடுக்க வேண்டியது அலங்காரத்தை, படிவத்தின் உறுப்பை அல்ல.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த விண்ணப்பக் காலம் தொடங்குமுன், போன வருடத்து சர்வர் பதிவை எடுத்து, சிக்கன முறையில் முதல் பக்கத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒப்புகை எண் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வட்டம் காலியாக இருக்கும் நிலையில் சமர்ப்பிக்க முயன்ற கோரிக்கைகளையும் எண்ணுங்கள், கடைசி மூன்று நாளில் அவை கூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு சாதாரண போனில் ஓபரா மினியை இறக்கி, எக்ஸ்ட்ரீம் முறையில் போட்டு, படங்களை நிறுத்திவிட்டு, உங்கள் படிவத்தை முதல் பெட்டியிலிருந்து ஒப்புகை எண் வரை நிரப்புங்கள். சோதனை சர்வரில் வட்டப் பட்டியலுக்கான பதிலை வேண்டுமென்றே ஆறு வினாடி தாமதிக்க வைத்து அதைச் செய்யுங்கள், அப்போதுதான் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். ஓடிபி முதல் முறை வராதது போல விட்டு, இரண்டாவது கேட்டு வாங்குங்கள். ஒரு பிற்பகல் போதும்.

வேலை கொடுக்கும் அதிகாரிகளே, ஒப்பந்தத்தில் ‘எல்லா பிரவுசர்களிலும் இயங்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் சோதிக்க முடியாது. அதற்குப் பதில் மேலே உள்ள சோதனையை அப்படியே எழுதுங்கள், பணம் விடுவிக்கும் முன் உங்கள் கண்முன்னால் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

என் கைவசம் இருந்த நான்கு படிவங்களில் மூன்றை இப்படித் திருத்திவிட்டேன். நான்காவதில் புகைப்படம் ஏற்றும் இடம் இன்னும் நிற்கிறது. வெட்டிச் சரிசெய்யும் வேலையைப் பிரவுசரில் செய்யும்படி எழுதிவிட்டேன், அதைச் சர்வருக்கு மாற்ற வேண்டும். அதற்கு நல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். தங்கச்சிக்கு அடுத்த வருடமும் உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டும். சித்தி அப்போது தன் போனிலேயே போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
படிவம் எழுதும் உங்கள் தோழன்